பட்டா இருக்கிறது, இ.சி. சுத்தம், வங்கி வக்கீல் ஏன் இழுக்கிறார்?

கேள்வி: ஐயா, திருச்சி மாநகராட்சி எல்லைக்குள் ஒரு தனி வீடு பார்த்து, 62 லட்சத்துக்குப் பேசி, 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டிருக்கிறேன். 1,200 சதுர அடி மனை, கீழ்த்தளம் 850, மாடி 700 சதுர அடி. விற்பவரின் அப்பா 1984-ல் மனை வாங்கி 1998-ல் வீடு கட்டினார். அவர் 2001-ல் காலமானார், அம்மா 2009-ல். 2010-ல் அண்ணன் தம்பி இருவரும் பாகப்பிரிவினை பதிவு செய்ததில் இந்த வீடு அண்ணனுக்கு வந்தது. அவர்தான் விற்கிறார். மாடி 2012-ல் அவர் கட்டியது. பட்டா அவர் பெயரில். 30 வருட இ.சி.யில், அதாவது வில்லங்கச் சான்றிதழில், ஓர் அடமானமும் இல்லை. என் சம்பளத்துக்கு 50 லட்சம் வரை தரலாம் என்று வங்கியில் சொன்னார்கள். இப்போது அவர்களுடைய வக்கீல், 1999-லேயே இறந்துபோன தங்கையின் பிள்ளைகள் இருவரின் கையெழுத்து வேண்டும் என்கிறார். எஞ்சினீயர் மாடியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 35 லட்சம்தான் வரும் என்கிறார்கள். தங்கைக்குக் கல்யாணத்தின்போதே எல்லாம் செய்தாகிவிட்டது என்கிறார் விற்பவர். வேறு வங்கிக்குப் போய்விடலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: இப்போதைக்குப் போகாதீர்கள். வக்கீல் கேட்டிருப்பது முற்றிலும் சரி. அதைத் தீர்க்காமல் இன்னொரு வங்கி கடன் கொடுத்துவிட்டால் உங்கள் நிலைமை இதைவிட மோசமாகும். எஞ்சினீயர் விஷயம் கொஞ்சம் வேறு. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் இ.சி. 30 வருடத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் தேடல் 1995-ல் தொடங்கியிருக்கும். 1984 கிரயப் பத்திரம் அதில் வந்திருக்க வழியில்லை. அதில் ஒரே ஒரு பதிவுதான் இருந்திருக்கும்: 2010 பாகப்பிரிவினை. அடமானம் இல்லை என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள். அதே காகிதத்தை வங்கியின் வக்கீல் பார்க்கும்போது அவருக்குத் தோன்றும் கேள்வி வேறு: இந்தச் சொத்து 2010-க்கு முன்னால் யாரிடம் இருந்தது, அவரிடமிருந்து இந்த இரண்டு பேருக்கு எப்படி வந்தது? அதனால்தான் வங்கிகள் மூலப்பத்திரம் வரைக்கும் போகச் சொல்கின்றன. 30 வருடம் என்பது குறைந்தபட்சக் கணக்கு. அந்த 30 வருடத்தின் தொடக்கத்தில் சொத்து யார் கையில் இருந்ததோ, அவருக்கு அது வந்த பத்திரம் வரை பார்த்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 1975-க்குப் பிந்தைய பதிவுகள் பெரும்பாலும் பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைப்பதால் 1984-லிருந்து இ.சி. போடுவது பெரிய வேலையில்லை.

போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1984 பத்திரத்தில் பழைய சர்வே நம்பர் இருக்கலாம், 2010 பத்திரத்தில் டவுன் சர்வே நம்பர் இருக்கலாம். இ.சி. நீங்கள் கொடுத்த எண்ணைத்தான் தேடும். புது எண்ணை மட்டும் கொடுத்தால் பழைய எண்ணில் பதிவான பத்திரங்கள் வராமலேயே போகலாம். இரண்டு எண்ணுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். இடையில் அந்தப் பகுதி வேறு சார் பதிவாளர் அலுவலகத்துக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் போட வேண்டும்.

சரி, இ.சி. முழுதாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதில் என்ன வரும்? பதிவான பத்திரங்கள் வரும். ஒருவர் இறந்தது வராது. அவர் இறந்த நொடியில் அவருடைய சொத்து யார் யாருக்குப் போனது என்பதும் வராது. ஏனென்றால் வாரிசுரிமைக்குப் பத்திரமே தேவையில்லை, சட்டமே கொடுத்துவிடுகிறது. உயில் இருந்தாலும் இ.சி.யில் தெரியாது. பட்டாவும் இதற்கு உதவாது. பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் காட்டி அண்ணன் பெயருக்குப் பட்டா மாற்றியிருப்பார்கள். பாகப்பிரிவினையில் ஓட்டை என்றால் அதே ஓட்டை பட்டாவிலும் இருக்கும். பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அது மட்டும் உரிமையைக் கொடுக்காது என்று நீதிமன்றங்கள் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது.

ஆக, வங்கி வக்கீல் தேடுவது கையெழுத்துப் போட்டவர்களை அல்ல, போட்டிருக்க வேண்டியவர், ஆனால் போடாதவர் யாராவது இருக்கிறாரா என்பதை. அதற்கு அவர் முதலில் படிப்பது பாகப்பிரிவினைப் பத்திரத்தின் முகப்பை. "நமது தகப்பனார் காலமாகிவிட்டபடியால், அவருக்கு வாரிசுகளாகிய நாம் இருவரும்..." என்கிற மாதிரி ஒரு வாசகம் அங்கே இருக்கும். அந்த 'இருவரும்' என்ற இடத்தில்தான் பேனா நிற்கும். உடனே தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழைக் கேட்பார். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அதில் ஒரு மகள் பெயர், பக்கத்தில் 'இறப்பு' என்று இருந்தால் அடுத்த கேள்வி: எப்போது இறந்தார், பிள்ளைகள் உண்டா? உங்கள் விஷயத்தில் நடந்திருப்பது அநேகமாக இதுதான்.

இப்போது பங்கைப் பாருங்கள். இவர்கள் இந்துக்கள் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சட்டம் வேறு. மனை அப்பா வாங்கியது, அவருடைய சுயார்ஜிதம். உயில் எழுதாமல் 2001-ல் இறந்தார். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள் எல்லோருக்கும் சம பங்கு. முன்பே இறந்த மகளின் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். அவருடைய கணவருக்கு, அதாவது அந்த வீட்டு மாப்பிள்ளைக்கு, இதில் இடமில்லை. எனவே அம்மாவுக்குக் கால், அண்ணனுக்குக் கால், தம்பிக்குக் கால், தங்கையின் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்துக் கால். 2009-ல் அம்மாவும் உயில் இல்லாமல் இறந்தபோது அவருடைய கால் பங்கு மூன்றாகப் பிரிந்து, அதில் ஒன்று மறுபடியும் அந்தப் பிள்ளைகளுக்கே வந்தது. கூட்டிப் பார்த்தால் 2010-ல் பாகப்பிரிவினை எழுதிய நாளில் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த இரண்டு பிள்ளைகளுடையது. அவர்களைக் கேட்காமலேயே மாமன்மார் இருவரும் முழுச் சொத்தையும் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கல்யாணத்தில் சீர் செய்தாகிவிட்டது என்பது குடும்பத்துக்குள் சொல்லிக்கொள்ளும் நியாயம். சட்டத்தில் அது பங்கை அழிக்காது. இன்னொன்றும் சொல்வார்கள்: "1989-க்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்ணுக்குப் பங்கு கிடையாது." அந்தத் தேதி தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டத்திலிருந்து வருவது, பிதுரார்ஜிதமான கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியது. அப்பா சம்பாதித்து வாங்கிய சொத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதில் மகளுக்குப் பங்கு 1956-லிருந்தே உண்டு. விற்பவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள், சில தரகர்கள் வேண்டுமென்றே குழப்புகிறார்கள்.

"பதினைந்து வருடமாக நான்தான் அனுபவிக்கிறேன், 12 வருடம் தாண்டிவிட்டது, இனி எனக்கே சொந்தம்" என்று விற்பவர் அடுத்துச் சொல்லக்கூடும். கூட்டுப் பங்குதாரர் ஒருவர் அனுபவிப்பது மற்றவர்களுக்காகவும் சேர்த்து அனுபவிப்பதாகத்தான் சட்டம் பார்க்கிறது. 'உனக்கு இங்கே உரிமை இல்லை' என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்படி வெளியேற்றி, அதன்பின் காலக்கெடு கடந்ததை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அதை ஒரு வக்கீல் தன் மேஜையில் உட்கார்ந்து தீர்மானித்து எழுத முடியாது. அதேபோல, "பின்னால் பிரச்சினை வந்தால் நான் பொறுப்பு" என்று 100 ரூபாய் பத்திரத்தில் எழுதித் தருவார்கள். அதில் கையெழுத்துப் போடாதவர்களை அது எப்படிக் கட்டும்? வழக்கு வந்தால் நீங்கள் வழக்கையும் நடத்தி, மாதத் தவணையையும் கட்டி, அப்புறம் இவரைத் தேடிப் போய்ப் பணம் கேட்க வேண்டும்.

வேறு வங்கி வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். இன்னொரு வக்கீல் இதைத் தவறவிடலாம், அப்படி நடப்பதுண்டு. ஆனால் லீகல் ஒப்பீனியன் வங்கி தன்னைக் காத்துக்கொள்ள எழுதி வாங்குவது. கட்டணம் உங்களுடையது என்றாலும் வக்கீல் பதில் சொல்வது வங்கிக்கு. பிற்பாடு மூன்றில் ஒரு பங்கு போனாலும் கடனுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

தீர்வு கஷ்டமானதில்லை, சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்தால். தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக அந்தப் பிள்ளைகளிடம் தனியாக விடுதலைப் பத்திரம் வாங்கலாம். அதைவிட, உங்கள் பெயருக்கு எழுதும் கிரயப் பத்திரத்திலேயே அந்தப் பிள்ளைகள் இருவரையும் விற்பவர்களாகச் சேர்த்துவிடுவது எளிது. விடுதலைப் பத்திரத்துக்கென்று தனி முத்திரைச் செலவு வராது. சாட்சியாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சாட்சி என்பவர் கையெழுத்தைப் பார்த்தவர்; தன் பங்கை விற்றவர் ஆகமாட்டார். அவர்களுக்கு எவ்வளவு கொடுப்பது என்பது மாமனும் மருமக்களும் பேசிக்கொள்ள வேண்டியது. உங்கள் விலை அதனால் ஏறக் கூடாது. ஆனால் யாருக்கு எவ்வளவு, எந்தக் காசோலை என்பது பத்திரத்தில் வர வேண்டும்.

இருவரில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் பவர் தேவைப்படும். அதை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்பலாம். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். பவரில் இந்தச் சொத்தின் முழு விவரமும், விற்கவும் பணம் பெறவும் அதிகாரம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். பத்திரப் பதிவன்று பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றையும் கேட்பார்கள். அவர் வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாசி என்றால், 50 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துக்கு நீங்கள் வழக்கமாகப் பிடிக்கும் 1 சதவீத வரி அவர் பங்குக்குப் பொருந்தாது. அதற்கு வேறு பிரிவு, வேறு விகிதம். ஆடிட்டரைக் கேட்காமல் அவருக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இனி எஞ்சினீயர். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வீட்டின் அழகைப் பார்க்க வருவதில்லை. பத்திரத்தில் உள்ள செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லைகளை வைத்துக்கொண்டு, கிழக்கே ரோடு என்றால் ரோடுதானா, வடக்கே இருப்பவர் வீடு சரிதானா என்று பார்ப்பார். பக்கத்து வீட்டில் விசாரிப்பார். மனையை அளந்து, பத்திரம், பட்டா, நேரில் அளந்தது மூன்றில் குறைந்ததை எடுத்துக்கொள்வார். அப்புறம் அனுமதி வாங்கிய வரைபடத்தை விரித்துக் கட்டடத்தோடு ஒப்பிடுவார். உங்கள் வீட்டில் அந்த வரைபடம் 1998-இன் கீழ்த்தளத்துக்கு மட்டும் இருந்திருக்க வேண்டும். 2012 மாடி அதில் இல்லை.

மாடிக்கும் வீட்டு வரி ரசீது வருகிறதே, தனி மின் இணைப்பு இருக்கிறதே என்று விற்பவர் காட்டுவார். கட்டடம் இருப்பதால் வரி போடுகிறார்கள். அனுமதி உண்டா என்பதற்கு அந்த ரசீது பதில் ஆகாது. தில்லி உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்றைத் தொடர்ந்து 2006-ல் ரிசர்வ் வங்கி, அனுமதி பெற்ற வரைபடத்தை வாங்கிப் பார்த்துத்தான் வீட்டுக் கடன் தர வேண்டும், அனுமதியற்ற கட்டடத்துக்குத் தரக் கூடாது என்று வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதனால் சில வங்கிகள் இப்படிப்பட்ட வீட்டை முழுதாகவே மறுத்துவிடும். உங்கள் வங்கி மாடியை மட்டும் விட்டுவிட்டு மீதிக்குத் தர முன்வந்திருக்கிறது. அது ஒருவகையில் சலுகைதான்.

35 லட்சம் எப்படி வந்திருக்கும்? பின்னோக்கிக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய இப்படி இருக்கும். மனை சதுர அடி 2,800 ரூபாய் என்று எடுத்தால் 33.6 லட்சம். கீழ்த்தளத்தை இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,000 வீதம் 17 லட்சம். கட்டடத்தின் ஆயுள் 60 வருடம், அதில் 27 ஓடிவிட்டது; இடித்தால் கிடைக்கும் பத்து சதவீதத்தை ஒதுக்கிவிட்டுத் தேய்மானம் போட்டால் சுமார் 40 சதவீதம் குறைந்து 10.1 லட்சம் நிற்கும். இரண்டும் சேர்த்து 43.7 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு ரிசர்வ் வங்கி விதித்த உச்சவரம்பு சொத்து மதிப்பில் 80 சதவீதம். அக்ரிமெண்ட் விலை, மதிப்பீட்டு விலை இரண்டில் குறைந்ததற்கு அதைப் போட்டால் 35 லட்சத்துக்கு ஒட்டி வருகிறது. 50 லட்சம் என்று முதலில் சொன்னது உங்கள் சம்பளத்துக்கு. சொத்து தாங்கும் தொகை தனிக் கணக்கு.

இதே முறையில் மாடியையும் சேர்த்தால் 14 லட்சத்தில் 13 வருடத் தேய்மானம் போக 11 லட்சத்துக்குக் கொஞ்சம் கூடுதல். மொத்தம் 55 லட்சம், கடன் 44 லட்சம். ஆக மாடிக்கு அனுமதி இருந்திருந்தாலும் உங்களுக்கு 50 வந்திருக்காது. 62 லட்சம் என்ற விலையிலேயே ஏழு லட்சம் மதிப்பீட்டாளர் கண்ணுக்குத் தெரியாத பணம். விலை பேசும்போது இது உங்கள் கையில் இருக்க வேண்டிய கணக்கு. பத்திரச் செலவையும் மறக்காதீர்கள்: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சுமார் ஐந்தரை லட்சம். உங்கள் விலையில் உள்ள வீட்டுக்கு இதைச் சொத்து மதிப்போடு கூட்டிக் கடன் தர வங்கிக்கு அனுமதி இல்லை. இப்போதுள்ள நிலையில் கையிலிருந்து 32 லட்சத்துக்கு மேல் போட வேண்டியிருக்கும்.

மாடியை முறைப்படுத்த முடியுமா? தமிழ்நாட்டில் அனுமதியற்ற கட்டடங்களை வரன்முறைப்படுத்தும் திட்டம் 1.7.2007-க்கு முன் கட்டியவற்றுக்கு. 2012 மாடி அதில் வராது. மிச்சமிருக்கும் வழி, 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளுக்கு இப்போதுள்ள கட்டடம் பொருந்துகிறதா என்று பார்த்து மாநகராட்சியில் புதிதாக அனுமதி கேட்பது. மொத்தப் பரப்பு உங்களுக்குத் தடையாக இருக்காது. 1,200 சதுர அடி மனையில் 1,550 சதுர அடி என்பது அனுமதிக்கப்படும் இரண்டு மடங்குக்குள்தான். சிக்கல் பக்க இடைவெளியில் வரும். மாடி கட்டும்போது படிக்கட்டையும் பால்கனியையும் பக்கத்து மதில் வரைக்கும் இழுத்திருப்பார்கள். உரிமம் பெற்ற எஞ்சினீயர் ஒருவரை வைத்து அதை அளந்து பாருங்கள். பொருந்தினால் விற்பவர் பெயரிலேயே, கிரயத்துக்கு முன்பே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பொருந்தாது என்றால் மாடிக்கு நீங்கள் தரும் விலையைக் குறைத்துப் பேசுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் வாங்குபவரின் வங்கி இதையேதான் சொல்லும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இது. வங்கியில் லீகல் ஒப்பீனியனின் நகல் தர மறுத்தாலும், வக்கீல் கேட்ட ஆவணங்களின் பட்டியலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பவரோடு துணை ஒப்பந்தம் ஒன்று எழுதுங்கள். கெடுவை நீட்டியும், தங்கையின் பிள்ளைகளைக் கிரயப் பத்திரத்தில் சேர்ப்பது விற்பவர் பொறுப்பு என்றும், குறிப்பிட்ட தேதிக்குள் முடியாவிட்டால் 3 லட்சத்தையும் திருப்பித் தர வேண்டும் என்றும் அதில் இருக்கட்டும். மூல அக்ரிமெண்ட் பதிவு செய்யப்படவில்லை என்றால் அதையும் வக்கீலிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்துக்குப் பதிவு கட்டாயம். அந்தப் பிள்ளைகளிடம் நீங்களே ஒருமுறை பேசிப் பாருங்கள், விற்பவர் மூலமாக மட்டும் கேட்டுக்கொள்ளாதீர்கள். அவர்கள் மறுத்துவிட்டால் இந்த வீட்டை விட்டுவிட்டு அட்வான்ஸைத் திரும்ப வாங்குங்கள். அதுவரை விற்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இன்னொரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.